பில்லில் பதினான்காவது வரி

கடையில் பில்லை வாங்கி அப்படியே கசக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? என் மகள் இப்போது சம்பாதிக்கிறாள், குழந்தை குட்டி என்று ஆகிவிட்டது. "அப்பா, இப்பல்லாம் பில்லு போன்லயே வந்துரும்" என்கிறாள். வந்தால் என்ன, அதையும் படிக்கத்தானே வேண்டும் என்றால் சிரிக்கிறாள். அவள் சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பில்லை நான் வரி விடாமல் படித்து அவளை ஒருமுறை அழ வைத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். நான் கடற்கரையோரத்து அணு ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியன். குடியிருப்பில் குவார்ட்டர்ஸ், கடல் உப்பில் துருப்பிடித்த ஒரு ஸ்கூட்டர், எட்டாவது படிக்கும் ஒரே மகள். மனைவி மட்டும் இல்லை. அவள் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. வேலை கிடைத்தது தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில். கணவன் மனைவி ஒரே மாவட்டம் என்று ஒவ்வொரு மே மாதமும் மாறுதலுக்கு மனுப் போடுவோம். ஒவ்வொரு ஜூனிலும் காலியிடம் இல்லை என்று பதில் வரும். கிடைத்த அரசு வேலையை விடவும் மனசில்லை, மகளை நல்ல பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகவும் மனசில்லை. ஆக, காலாண்டு, அரையாண்டு, பொங்கல், கோடை என்று விடுமுறைக்கு விடுமுறைதான் நாங்கள் குடும்பம்.

அவள் இல்லாத வீடு எப்படி இருந்தது என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கினால் எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்காது. மகள் இருக்கிறாளே என்று போவேன். அவளும் அப்பா இருக்கிறாரே என்று கதவைத் திறப்பாள் என்று நினைக்கிறேன். ரெண்டு பேருக்கும் வேண்டிய ஆள் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு வாடகை அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பில் அனுப்பும் வழக்கத்தை அவள்தான் ஆரம்பித்தாள். அந்தச் சமயத்தில் புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு சூப்பர் மார்க்கெட் வந்திருந்தது. முதலாளி அதற்கு முன்னால் அதே இடத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர்தான். சுவரை இடித்து, அலமாரி போட்டு, கூடை வைத்து, ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி வைத்தார். நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனால், பில் போடும் பெண் ஒவ்வொன்றாகச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டுவாள், கீச்சென்று சத்தம் வரும், ஒல்லியான காகிதத்தில் மெஷின் கரகரவென்று அடித்துத் தள்ளும். "வாராவாரம் என்ன வாங்குறீங்க, பிள்ளை என்ன சாப்பிடுறான்னு எனக்குத் தெரியணும். கடுதாசியில நீங்க நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்னுதான் எழுதுவீங்க. பில்லை அனுப்புங்க, அது பொய் சொல்லாது" என்றாள்.

அனுப்பினேன். அடுத்த வாரமே பதில் வந்தது. பில்லில் இருப்பது எந்த ஊர் பாஷை என்று கேட்டிருந்தாள்.

நியாயமான கேள்விதான். கம்ப்யூட்டரில் பொருளின் பெயருக்கு ஒதுக்கியிருந்த இடம் கையளவு. அதற்குள் அடங்க வேண்டும் என்று, விவரம் ஏற்றிய ஆள் உயிரெழுத்தையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு மெய்யெழுத்தை மட்டும் நிற்க வைத்திருந்தான். TR DHL 1K என்றால் துவரம் பருப்பு ஒரு கிலோ. GG OIL 500 என்றால் நல்லெண்ணெய் அரை லிட்டர். FLTR CFE 200 காப்பித்தூள். TMRD புளி, MSTRD கடுகு. 10S என்று முடிந்தால் உள்ளே பத்து உருப்படி. CH PDR என்று ஒன்று வரும். அது மிளகாய்த்தூளா, சிக்கன் மசாலாவா என்பது விலையைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேஜையில் வாங்கி வந்த சாமான்களைப் பரப்பிக்கொண்டு, பில்லை ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே தமிழில் எழுதுவேன். எழுதும்போதே சரிபார்ப்பேன். பொருளைக் கையில் எடுப்பது, வரியைக் கண்டுபிடிப்பது, பாக்கெட்டின் முதுகில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச விலையையும் பில்லில் போட்டிருக்கும் விலையையும் ஒப்பிடுவது, டிக் அடிப்பது. கடைசியில் பில்லின் அடியில் மொத்தம் எத்தனை வரி, மொத்தம் எத்தனை உருப்படி என்று இரண்டு எண் இருக்கும். மேஜையில் இருப்பதை எண்ணினால் இரண்டாவது எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே பொருள் இரண்டு வரியில் வந்தாலே திருட்டு என்று குதிக்கக் கூடாது. இரண்டு சோப்பு வாங்கினால் சில நேரம் ஒரே வரியில் 2 என்று போடுவார்கள், சில நேரம் தனித்தனியாகக் காட்டி இரண்டு வரியாக விழும். மேஜையில் இரண்டு சோப்பு இருந்தால் சரி. ஒன்றுதான் இருந்தால் கீச் சத்தம் ஒரு தடவை கூட வந்திருக்கிறது என்று அர்த்தம்.

தப்புகளும் வந்தன. ஒருமுறை சாம்பார் பொடி பாக்கெட்டில் இருபத்தொன்று, பில்லில் இருபத்து மூன்று. கொண்டுபோய்க் கேட்டேன். பழைய சரக்குக்கும் புதிய சரக்குக்கும் பாக்கெட்டில் கோடு கோடாக அச்சடித்திருக்கும் பார்கோடு நம்பர் ஒன்றுதான், விலை ஏறியதும் கம்ப்யூட்டரில் புது விலையை ஏற்றிவிட்டார்கள், அலமாரியில் பழைய பாக்கெட் அப்படியே இருந்திருக்கிறது. இரண்டு ரூபாய் திருப்பிக் கொடுத்தார் முதலாளி. நான் பெரிய வழக்கில் ஜெயித்த வக்கீல் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

என்னைவிட அவள் பெரிய ஆள். நான் தவறவிட்டதை அங்கே உட்கார்ந்துகொண்டு பிடிப்பாள். விடைத்தாள் திருத்தும் அதே சிவப்பு மையில் என் மொழிபெயர்ப்பைத் திருத்தித் திருப்பி அனுப்புவாள். "நாலாவது வரியும் பதினோராவது வரியும் தேங்காயெண்ணெய். தலையில் முடியுள்ளவர் அந்த வீட்டில் ஒருவர்தானே?" என்று எழுதுவாள். "மூன்று வாரமாகக் கீரைக்கட்டோ பயறோ கண்ணில் படவில்லை, பிஸ்கட் மட்டும் நாலு வரி." அந்தச் சிவப்பு எழுத்தை நான் எத்தனை தடவை படிப்பேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. கல்யாணமான புதிதில்கூட அவள் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. பருப்பு விலைக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்ப்பேன். நேரில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது.

கடிதம் போக, ஞாயிற்றுக்கிழமை போன். வீட்டில் போன் கிடையாது. கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு நானும் மகளும் போவோம். மறுமுனையில் மனைவி தன் அறையின் வீட்டுக்காரம்மா கூடத்தில் காத்திருப்பாள். ஒரே கண்ணாடிக் கூண்டு, ஒரே ரிசீவர். மகள் பேசும்போது நானும் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பேன். மனைவி குரலில் ஒரு சொட்டுகூட வீணாகிவிடக் கூடாது என்ற பேராசை. மகளுக்கு அம்மாவிடம் தனியாகச் சொல்ல ஏதாவது இருக்கும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அப்பா காதில் விழாமல் என்ன பேச்சு என்றுதான் கேட்டிருப்பேன், யாராவது சொல்லியிருந்தாலும்.

டிசம்பர் தொடக்கம். விட்டுவிட்டு மழை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் நானும் மகளும் கடைக்குப் போனோம். கூடையை நிரப்பிப் பில் போடும் வரிசையில் அவளை நிறுத்தி, கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டர் டயருக்குக் காற்றடிக்க எதிரே போனேன். திரும்பி வந்தபோது பையும் மீதிச் சில்லறையும் பில்லுமாக வாசலில் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் பையை அவளே உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். நான் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் மேஜையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். சமர்த்துப் பெண் என்று நினைத்தேன்.

எழுத உட்கார்ந்தேன். பதின்மூன்று வரி பிசகில்லாமல் போயிற்று. பதினான்காவது வரி இப்படி இருந்தது: SN PD REG 8S. எண்ணிக்கை ஒன்று. விலை இருபத்து மூன்று ரூபாய்.

PD என்றால் பொடியா? SN என்றால்? எட்டு உருப்படி உள்ள பொடி உலகத்தில் உண்டா? மேஜையில் இருந்த எதற்கும் இருபத்து மூன்று ரூபாய் விலை இல்லை. அடியில் உருப்படி இருபது என்று இருந்தது. மேஜையில் எண்ணினேன், பத்தொன்பது. பையைத் தலைகீழாக உதறினேன். மறுபடியும் எண்ணினேன், பத்தொன்பதுதான். மகளைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டேன். புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் தெரியல என்றாள். சற்று நேரம் கழித்து, இருபத்து மூன்று ரூபாய்தானே, விடுங்கப்பா என்றாள். அந்தப் பேச்சில்தான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ரூபாய் பெரிதா? இன்றைக்கு நமக்குப் போட்டவன் நாளைக்கு எழுதப் படிக்கத் தெரியாதவன் தலையில் எத்தனை வரி போடுவான்? அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவள் புத்தகத்தில் அதே பக்கத்தைத் திருப்பாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடையில் நின்றேன். பில் போடும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், சதுரங்கப்பட்டினத்துக்காரி. பில்லை நீட்டி பதினான்காவது வரியில் விரலை வைத்தேன். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் வரியைப் பார்த்தாள்.

"பில்லு கரெக்டாத்தான் கீது சார். வூட்டுல இன்னொரு தபா நல்லா பாருங்க" என்றாள்.

வீட்டில் இரண்டு தடவை பார்த்தாயிற்று, அது என்ன சாமான் என்று முதலில் சொல் என்றேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். வரிசையில் நாலு பேர் நின்றார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் குடியிருப்புக்காரர்கள். அவள் குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்ல வந்தாள். நான் விட்டால்தானே! ரகசியம் எதற்கு, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லு என்றேன். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பில்லை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். என்னம்மா இது என்று அவளைக் கேட்டார்.

அவள் என்னை விட்டுவிட்டு முதலாளி பக்கம் திரும்பினாள். "நான்தான்ண்ணா தப்பா போட்டுட்டேன். வேற ஆளுதுன்னு நென்ச்சி கைதவறி அட்ச்சிட்டேன். சாருக்கு துட்ட குட்த்துடுங்க" என்றாள்.

முதலாளி பில்லில் அந்த வரியைப் பேனாவால் அடித்துக் கையெழுத்துப் போட்டார். கல்லாவிலிருந்து இருபத்து மூன்று ரூபாயை எடுத்துத் தந்தார். பிறகு மேஜைக்கடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவள் முன்னால் போட்டார், அவளும் அதில் கையெழுத்துப் போட்டாள். அது குறைகிற பணத்தை அவள் சம்பளத்தில் பிடிப்பதற்கான நோட்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்போது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. இனிமேலாவது கவனமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பூத்துக்குப் போனோம். மழை நின்று தெருவெல்லாம் சேறு. வரவில்லை என்று சொன்ன மகளை நான்தான் விடாமல் இழுத்துக்கொண்டு போனேன், அம்மா எதிர்பார்ப்பாளே என்று. ரிசீவரை எடுத்ததும் ஜெயித்த கதையைத்தான் முதலில் ஆரம்பித்தேன். இத்தனை மாதத்தில் இப்படி ஒரு பித்தலாட்டத்தைப் பார்த்ததில்லை என்றேன். அவளுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. என்ன எழுதியிருந்தது, படிங்க என்றாள். பில் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துப் பிரித்தேன். லைன் சரியில்லை, ஒரே இரைச்சல். கத்திப் படித்தேன்.

"எஸ், என். அப்புறம் பி, டி. அப்புறம் ரெகுலர்ங்கிறதுக்கு ஆர், இ, ஜி. கடைசியில எட்டு."

"எட்டா?"

"எட்டு. எட்டு உருப்படி."

"விலை?"

"இருபத்து மூணு."

மறுமுனையில் சத்தம் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து மறுபடியும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். அப்போதுதான் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

"போதும்" என்றாள் மனைவி. "போனைப் பிள்ளைகிட்ட குடுங்க. நீங்க வெளிய போங்க."

வெளியே வந்து நின்றேன். பூத் முதலாளி ஏதோ கேட்டார், என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கண்ணாடிக்குள்ளே மகள் முதுகைத் திருப்பிக்கொண்டு ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்தி நின்றாள். மீட்டரில் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு, ரெகுலர், இருபத்து மூன்று ரூபாய், தெரியல என்று தலை குனிந்தது, பையைத் தானே தூக்கிப் போனது, கடைக்காரப் பெண் குரலைத் தாழ்த்தியது. ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. இத்தனை மாதமாக மெய்யெழுத்தை வைத்துக்கொண்டு உளுந்தையும் கடுகையும் கண்டுபிடித்தவன் நான். என் வீட்டுக்குள் என் மகள் பெரியவளானது எனக்குத் தெரியவில்லை, அதை வரிசையில் நின்றவர்கள் முன்னால் கடையில் கேட்டுவிட்டு, அவள் அம்மாவுக்கு எழுத்து எழுத்தாகக் கத்திப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். அவளும் பக்கத்தில் நடந்தாள். குடியிருப்பு வாசலுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா வந்ததும் நானே அவ காதுல சொல்லலாம்னு இருந்தேன்ப்பா. இன்னும் இருபத்திரெண்டு நாள்தான் இருந்துச்சு."

அதற்கு மேல் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. அந்தப் பெண் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று ரூபாயை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மன்னித்துக்கொள்ளம்மா என்றேன். அவள் பணத்தை எண்ணிக் கல்லாவில் போட்டாள், முதலாளியைக் கூப்பிட்டு நோட்டில் தன் கையெழுத்தின் மேல் கோடு போட வைத்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"பாப்பா பயந்துகினு நின்னுச்சி சார். எப்டி வெக்கிறதுன்னுகூட தெரீல அதுக்கு. நான்தான் சொல்லிக் குட்த்து பேப்பர்ல சுத்திக் குட்த்தேன். எங்கப்பாவாண்ட சொல்லாதக்கான்னுச்சி, சரின்னேன்."

அம்மா இருந்து செய்ய வேண்டியதை அந்தப் பெண் செய்திருக்கிறாள். அவளைத்தான் நான் நாலு பேர் நடுவில் கள்ளக் கணக்கு எழுதுகிறவள் மாதிரி நிறுத்தியிருந்தேன்.

திங்கட்கிழமை மதியம் என் பிரிவு அலுவலகத்துக்கு மனைவியின் போன் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பேசினாள். வேலை நாளில் அவள் கூப்பிட்டதே இல்லை. முதல்நாள் பூத்தில் மகளிடம் என்ன பேசினாள் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னாள். லைன் சரியில்லை, அப்பா படித்தது ஒன்றுமே காதில் விழவில்லை என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா, அம்மா இப்போதே பஸ் ஏறி வரவா என்று கேட்டிருக்கிறாள். அழுதுகொண்டே யோசித்துவிட்டு, லீவுக்கு வாம்மா, வந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறாள் மகள்.

"பெட்டியில துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன். பிள்ளை வேண்டாம்னு சொன்னதுக்காகத்தான் இருக்கேன்" என்றாள் மனைவி. "நீங்க எதையும் படிக்கல. நான் எதையும் கேக்கல. அந்தப் பில்லை மட்டும் எனக்கு அனுப்பாதீங்க."

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அதை அப்படியே சொன்னேன். நீ இங்கே இல்லாமல் என்னால் முடியவில்லை என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மணி அடித்துவிட்டது என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பில் போகவில்லை. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, பீரோவில் வைத்தேன். அடுத்த சனிக்கிழமை நானே கடைக்குள் போய் எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு பெண் பிள்ளைக்கு இந்த நாட்களில் என்ன கொடுப்பார்களோ அதையெல்லாம் கூடையில் போட்டேன். மனைவி சொன்னபடி எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே, அதனால் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. கறுப்பு உளுந்தைத் திரித்துக் களி கிண்டினேன், அடிப்பிடித்தது. ஆபீஸில் யாரோ சொன்னார்கள், உடம்புக்கு நல்லதாம் என்று சொல்லித் தட்டில் வைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முழுவதையும் சாப்பிட்டாள். அன்றைய பில்லை வழக்கம்போல் ஒட்டி எழுதினேன். BLK URD 1K, கறுப்பு உளுந்து ஒரு கிலோ. GG OIL 1L, நல்லெண்ணெய் ஒரு லிட்டர். PLM JGRY 500, கருப்பட்டி அரை கிலோ. திரும்பி வந்த தாளில் ஒரு திருத்தமும் இல்லை. அந்த மூன்று வரிக்கும் எதிரே மட்டும் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தாள். ஒரு டிக்கின் மை நனைந்து கலங்கிப் பரவியிருந்தது. அதற்கு அவள் காரணம் எதுவும் எழுதவில்லை.

இருபத்திரண்டு நாளும் ஒரு வழியாகக் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வெளியே வந்து நின்றுவிடுவேன். மகள் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மனைவி வருகிற ரயில் விடிகாலையில் செங்கல்பட்டில் நிற்கும். முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். நல்ல பனி. பிளாட்பாரத்தில் மகள் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று போர்ட்டரிடம் கேட்டு, அந்த இடத்தில் போய் நின்றுகொண்டாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். ரயில் வந்தது. மனைவி இரண்டு பையோடு இறங்கினாள். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன், இளைத்திருந்தாள். என் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தாள். பைகளை நான் வாங்கிக்கொண்டேன்.

மகள் அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்து, எக்கி, காதருகில் வாயை வைத்தாள். ரயில் கிளம்பும் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்கிற தூரத்தில் நான் நிற்கவும் இல்லை. மனைவி கன்னத்தில் கையை வைத்தாள். கண்ணை அகல விரித்தாள். எல்லாப் பரீட்சைத் தாளிலும் உண்மையை மட்டும் எழுதச் சொல்கிற தமிழாசிரியை அவள்.

"நிஜமாவாடி? எப்போ?"

"இந்த மாச முதல் வெள்ளிக்கிழமைம்மா. மூணாவது பீரியட்ல."

மனைவி அப்படியே அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, மகளையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். முதலில் இருந்து சொல்லு என்றாள். மகள் முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தாள். வெளியே ஸ்டேஷன் வாசலில் எங்கள் பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. நான் இரண்டு பையையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அவசரப்படுத்தவில்லை.